வெள்ளி விடுமுறை, ஞாயிறு விடுமுறை: ஒரு முன்பள்ளிக் கட்டடத்தின் முடிவு நாளைக் கணித்த கதை

2025 மார்ச் மாதக் கடைசியில் கொந்தராத்துக்கார அண்ணன் ஒருவர் தன் மடிக்கணினியோடு எங்கள் கந்தோருக்கு வந்தார். களுவாஞ்சிகுடிப் பக்கம் இரண்டு அறை கொண்ட ஒரு முன்பள்ளிக் கட்டடத்தைக் கட்டிக் கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைக்கும் நிலையில் இருந்தது. கேட்டவர்கள் ஜூன் மாதத்துக்குள் முடிய வேண்டும் என்கிறார்கள். மகன் எக்செலில் போட்டுக் கொடுத்த அட்டவணையோ ஜூலை 11 என்று காட்டுகிறது. “தம்பி, இதில் எங்கேயோ பிழை இருக்கிறது. என் கைக்கணக்கில் இவ்வளவு நாள் வராது. ஆனால் கணினி சொல்வதை நான் எப்படி மறுப்பது?” என்றார்.

அவருடைய கைக்கணக்குத்தான் சரி. ஆனால் அதைக் காட்டுவதற்கு எனக்கு ஒரு பகல் முழுவதும் போனது. நடுவில் நானே இரண்டு பிழைகளை விட்டேன். அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் வேலைநாட்களை எண்ணும் WORKDAY சூத்திரம் பிழையான விடையைத் தரும்போதும் முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாது. திகதி ஒன்றைத் தந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

மகன் போட்ட அட்டவணை

ஒன்பது வேலைகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஏ நிரலில் வேலையின் பெயர், பி-யில் தொடங்கும் நாள், சி-யில் எத்தனை நாள் வேலை, டி-யில் முடியும் நாள், எச்-இல் விடுமுறைகள். முதல் வேலை ஏப்ரல் 7, திங்கட்கிழமை தொடங்குகிறது. இரண்டாம் வரிசையில் இருந்த சூத்திரம் இது:

```
D2:  =WORKDAY(B2,C2,H2:H11)
B3:  =D2+1
```

இவற்றைக் கீழே வரை இழுத்துவிட்டிருந்தார். விடுமுறைப் பட்டியலில் ஏப்ரல் 12 முதல் 15 வரை நான்கு நாட்கள், பெரிய வெள்ளி ஏப்ரல் 18, மே 1, வெசாக்குக்கு மே 12, 13, ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7, பொசன் போயா ஜூன் 10 என்று பத்து நாட்கள் இருந்தன. ஏப்ரல் 15 கடைகள் திறக்காத நாள் என்பதற்காகச் சேர்த்தது, மற்றவை அரச நாட்காட்டியில் உள்ளவை. பையன் கவனமாகத்தான் செய்திருந்தான். வேலைகளுக்குப் போட்ட நாட்களும் நியாயமானவை. பிழை முழுவதும் சூத்திரம் நாட்களை எப்படி எண்ணுகிறது என்பதில் இருந்தது.

WORKDAY தொடக்க நாளை எண்ணுவதில்லை. “இந்த நாளுக்குப் பிறகு இத்தனையாவது வேலைநாள் எது?” என்பதுதான் அது விடை தரும் கேள்வி. ஏப்ரல் 7 திங்கட்கிழமை தொடங்கும் ஒரு நாள் வேலை எப்போது முடியும் என்று மேசனிடம் கேட்டால், “அன்றைக்குப் பின்னேரம்” என்பார். சூத்திரம் ஏப்ரல் 8 என்று சொல்லும். தனியொரு வேலையில் ஒரு நாள் கூடினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒன்பது வேலைகள் சங்கிலியாகப் போகும்போது அந்த ஒரு நாள் ஒவ்வொரு கணுவிலும் சேர்ந்துகொண்டே போகும்.

இதைச் சரிசெய்யச் சிலர் வேலை நாட்களில் ஒன்றைக் கழித்து `C2-1` என்று எழுதுவார்கள். அது பாதிதான் சரி. தொடக்க நாள் விடுமுறை நாளில் விழுந்துவிட்டால் அந்த முறை ஒரு நாளைக் குறைத்துக் காட்டும். ஐந்து நாள் வேலைக்குத் தொடக்கம் சனிக்கிழமை என்று வந்திருக்கிறது, சனி, ஞாயிறு வேலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை திங்கள் முதல் வெள்ளி வரை நடக்க வேண்டும். ஒன்றைக் கழித்தவருக்கு வியாழன் என்று விடை வரும். தொடக்க நாளில் ஒன்றைக் குறைத்து, நாட்களை அப்படியே விட்டால் இரண்டு நிலையிலும் சரியாக வரும்:

```
=WORKDAY(B2-1,C2,$H$2:$H$11)
```

முதல் வேலை எட்டு நாள், ஆகவே “நேற்றுக்குப் பிறகு எட்டாவது வேலைநாள்” என்று இதை வாசித்தால் மறக்காது.

இந்த ஒரு திருத்தத்தை மட்டும் செய்து பார்த்தேன். ஜூலை 11 என்றிருந்த கடைசித் திகதி ஜூலை 2 ஆனது. நடுவில் உள்ள வேலைநாட்கள் ஏழு. ஒன்பது வேலைகளில் ஏழுதான் ஆளுக்கொரு நாளை விழுங்கியிருந்தன. மற்ற இரண்டும் சனிக்கிழமையில் தொடங்குவதாக விழுந்திருந்ததால் தற்செயலாகத் தப்பிவிட்டன. இப்படிப்பட்ட பிழையைக் கடைசித் திகதியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததற்கு இதுவே காரணம். வேலைக்கு ஒரு நாள் என்று சீராகவும் அது வராது.

யாருடைய சனிக்கிழமை?

ஜூலை 2-உம் அண்ணனின் கணக்குக்கு ஒத்துவரவில்லை. “சனிக்கிழமை என் ஆட்கள் ஒருவரும் வீட்டில் இருப்பதில்லையே” என்றார். அங்கேதான் பெரிய பிழை இருந்தது. WORKDAY சனியையும் ஞாயிறையும் விடுமுறையாக எடுத்துக்கொள்ளும், அதை மாற்ற வழி இல்லை. அது கந்தோர்க்காரருடைய வாரம். கட்டட வேலைக்காரருடைய வாரம் அதுவல்ல.

அண்ணனிடம் இரண்டு குழுக்கள் இருந்தன. மேசன்மார் சம்மாந்துறையிலிருந்து வருகிறவர்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா, அன்று வேலை இல்லை. சனியும் ஞாயிறும் முழு நாள் வேலை. தச்சர்களும் கம்பி கட்டுகிறவர்களும் பெயின்ட் அடிக்கிறவர்களும் ஆரையம்பதிப் பக்கத்து ஆட்கள். அவர்களுக்கு ஞாயிறு விடுமுறை, வெள்ளிக்கிழமை வேலை. நம் கரையோரத்தில் இது ஒன்றும் புதினமில்லை. மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை பாதிக் கட்டடங்கள் இப்படித்தான் எழும்புகின்றன. ஆனால் ஒரே தாளில் இரண்டு வாரங்களையும் எழுத யாரும் சொல்லித் தருவதில்லை.

அதற்குரியது WORKDAY.INTL. எக்செல் 2010-இலிருந்து இருக்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபீஸிலும் உண்டு. மூன்றாவது இடத்தில் எந்த நாள் விடுமுறை என்று சொல்ல வேண்டும். ஏழு எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு நாள், 1 என்றால் விடுமுறை, 0 என்றால் வேலை. மேசன்மாருக்கு `"0000100"`, தச்சருக்கு `"0000001"`. இதற்குப் பதிலாக வெள்ளி மட்டும் என்பதற்கு 16, ஞாயிறு மட்டும் என்பதற்கு 11 என்ற எண்களையும் போடலாம். எனக்கு எழுத்து வரிசைதான் பிடிக்கும், பார்த்ததும் புரியும்.

ஆனால் ஒரு பொறி. இந்த வரிசை திங்களில் தொடங்குகிறது. நம் வீட்டுச் சுவர் நாட்காட்டி ஞாயிறில் தொடங்குகிறது. அந்தப் பழக்கத்தில் வெள்ளியை ஆறாவது என்று எண்ணி `"0000010"` என்று எழுதிவிட்டால் மேசன்மாருக்குச் சனிக்கிழமை விடுமுறை ஆகிவிடும், வெள்ளியன்று வேலை செய்வார்கள். எங்கள் முதல் வேலைக்கு இதைப் போட்டுப் பார்த்தால் முடிவு ஏப்ரல் 18 என்று வரும். கிழமையைப் பார்க்காதவருக்கு அது நல்ல திகதிதான். கிழமையைப் பார்த்தால், வெள்ளிக்கிழமை வேலைக்கு வராதவர்கள் வெள்ளிக்கிழமையன்று அத்திவாரத்தை முடித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் எல்லாத் திகதி நிரலையும் `ddd dd-mmm` என்ற வடிவத்தில்தான் வைத்திருக்கிறேன். கிழமை கண்ணில் படாத அட்டவணையைத் திருத்த முடியாது.

விடுமுறைப் பட்டியலும் இரண்டாகப் பிரிந்தது. மேசன்மாருடைய தலைவரை நாங்கள் காக்கா என்றுதான் அழைப்போம். அவரை அழைத்துக் கேட்டேன். “ஹஜ்ஜுக்கு ஜூன் 7-இலிருந்து 10 வரை நாலு நாள் வேண்டும். சித்திரை 13, 14, 15 கல்லும் மணலும் வராது, நாங்களும் வரமாட்டோம். மே 6 வாக்குப் போட வேண்டும். வெசாக் அன்று லொறி ஓடாது, 13-ஆம் திகதி வருவோம்” என்றார். தச்சருடைய பட்டியலில் சித்திரை மூன்று நாட்களும், பெரிய வெள்ளியும், மே 1, 6, 12-உம் வந்தன. மே 6 உள்ளூராட்சித் தேர்தல் நாள். ஆண்டுத் தொடக்கத்தில் அச்சடித்த நாட்காட்டியில் அது இருக்காது. வெசாக் தவிர்ந்த மாதாந்தப் போயாவை இரண்டு குழுக்களும் வேலைநாளாகவே எண்ணின. ஆகவே அரச விடுமுறைப் பட்டியலை அப்படியே ஒட்டுவதில் பயனில்லை. வேலை செய்கிறவர் வராத நாள் எதுவோ அதுதான் இந்த நிரலுக்கு விடுமுறை.

கொங்கிரீட்டுக்கு விடுமுறை கிடையாது

நான்காவது வேலை நிலமட்டக் கொங்கிரீட்டை ஏழு நாள் நனைத்து வைப்பது. மகன் அதையும் ஒரு வேலையாக எண்ணி அதே சூத்திரத்தை இழுத்திருந்தான். அவனுடைய தாளில் மே 3-இல் தொடங்கிய ஏழு நாள் மே 15 வரை போனது. வெசாக்கும் சனி, ஞாயிறும் கொங்கிரீட்டுக்கு விடுமுறை கொடுத்துவிட்டன. கொங்கிரீட் இறுகுவது நாட்காட்டி நாளில். காவலாளி காலையும் மாலையும் தண்ணீர் விட்டால் போதும், குழு தேவையில்லை. அந்த வரிசைக்கு வெறும் கூட்டல்தான் சூத்திரம்:

```
D5:  =D4+7
```

வார்த்தது ஏப்ரல் 26 என்றால், மே 3 வரை நனைப்பு, மேசன்மார் மே 4 ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு வந்துவிடலாம். பெயின்ட் காய்வது, அனுமதிக் கடிதத்துக்கு இத்தனை நாள் என்று சட்டத்தில் சொல்வது, இவையும் பெரும்பாலும் இந்த வகை. எது ஆட்களின் நாள், எது நாட்காட்டியின் நாள் என்று ஒவ்வொரு வரிசைக்கும் முதலில் முடிவு செய்துகொண்டுதான் சூத்திரம் எழுதத் தொடங்க வேண்டும்.

அடுத்தது, ஒரு வேலை முடிந்து மற்றது தொடங்கும் இடம். `=D2+1` என்பது போதாது. முந்தியவர் முடித்த மறுநாள் பிந்தியவருக்கு வேலைநாளாக இருக்க வேண்டும். எனவே தொடக்க நாளையும் அதே சூத்திரத்தால், ஆனால் வரப்போகிற குழுவின் வாரத்தைக் கொண்டு எழுத வேண்டும்:

```
B3:  =WORKDAY.INTL(D2,1,"0000001",$I$2:$I$8)
D3:  =WORKDAY.INTL(B3-1,C3,"0000001",$I$2:$I$8)
```

இங்கே எச் நிரல் மேசன்மாருடைய விடுமுறை, ஐ நிரல் தச்சருடையது. மேசன்மார் ஏப்ரல் 19 சனிக்கிழமை அத்திவாரத்தை முடிக்கிறார்கள். மறுநாள் ஞாயிறு, தச்சர் இல்லை. 21 திங்கள் தொடங்குகிறார்கள். அவர்கள் 24 வியாழன் முடிக்கிறார்கள். மறுநாள் வெள்ளி, மேசன் இல்லை. 26 சனியன்று கொங்கிரீட். இந்த இரண்டு இடத்திலும், ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும்போது ஒரு நாள் காற்றோடு போகிறது என்பதை அண்ணன் முதல் தடவையாகத் தாளில் பார்த்தார்.

என் கையால் வந்த இரண்டு பிழைகள்

இவ்வளவும் எழுதி முடித்து, நிறைவாக இருந்தேன். தாளின் படம் காக்காவுக்கும் போனது. சற்று நேரத்தில் அழைப்பு வந்தது. “தம்பி, பூச்சு வேலை ஜூன் 10 முடியும் என்று போட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு நாங்கள் பெருநாளில் இருப்போம். யார் பூசுவது?”

பட்டியலில் ஹஜ்ஜு நான்கு நாட்களும் இருந்தன. ஆனாலும் சூத்திரம் அவற்றைக் காணவில்லை. ஏனென்றால் நான் டி2-இல் எழுதியபோது விடுமுறை வரம்பை `H2:H10` என்று டொலர் குறியில்லாமல் விட்டிருந்தேன். அதைப் பிரதிபண்ணிக் கீழே ஒட்டும்போது வரம்பும் ஒவ்வொரு வரிசை கீழே இறங்கும். ஒன்பதாம் வரிசையில் உள்ள பூச்சு வேலைக்கு அது `H9:H17` ஆகிவிட்டது. காக்கா முதலில் சொன்னது பெருநாள் என்பதால் நான் அந்த நான்கு நாட்களையும் பட்டியலின் உச்சியில், எச்2 முதல் எச்5 வரை எழுதியிருந்தேன். பூச்சு வேலை அவற்றைப் பார்க்கவேயில்லை. மற்ற மேசன் வேலைகள் எல்லாம் தேவையான விடுமுறைகளைப் பார்த்தன, ஆகவே சரியான திகதியைத் தந்தன.

பிறகு மகனின் தாளைத் திறந்து பார்த்தேன். அதே பிழை அங்கும் இருந்தது, ஒரு தீங்கும் செய்யவில்லை. அவன் விடுமுறைகளைத் திகதி ஒழுங்கில் எழுதியிருந்தான். வேலைகளும் திகதி ஒழுங்கில் போகின்றன. வரம்பு இறங்க இறங்க மேலிருந்து கழன்று விழுந்தவை எல்லாம் ஏற்கனவே கடந்துபோன விடுமுறைகள். ஒழுங்காக எழுதியவனின் பிழை ஒளிந்துகொண்டது, ஒழுங்கில்லாமல் எழுதிய என் பிழை காட்டிக்கொடுத்தது. `$H$2:$H$10` என்று திருத்தியதும் பூச்சு ஜூன் 15-க்குப் போனது.

இரண்டாவது பிழை இதைவிட நுட்பம். சுவருக்கு 1,400 சீமெந்துக் கற்கள், குழு நாளுக்கு 120 கல் வைக்கும் என்று காக்கா சொன்னார். அதுவரை 12 என்று இருந்த சி6-இல் நான் பிறகு `=1400/120` என்று எழுதினேன். தசமம் காட்டாத வடிவத்தில் இருந்ததால் கலத்தில் 12 என்று தெரிந்தது. உள்ளே இருந்தது 11.67. WORKDAY.INTL நாட்களின் பின்னத்தை வெட்டி எறியும், கிட்டிய முழு எண்ணுக்கு மாற்றாது. கண்ணுக்கு 12, சூத்திரத்துக்கு 11. முடிவு மே 19-க்குப் பதிலாக மே 18 என்று வந்தது. ஞாயிறுதான், மேசன்மாருக்கு வேலைநாள்தான், ஆகவே கிழமையைப் பார்த்தும் ஐயம் வராது. அரை நாள் வேலையையும் இந்தச் சூத்திரத்தால் எழுத முடியாது என்பதும் இதனால்தான். மேல்நோக்கி முழுதாக்கிவிட வேண்டும்:

```
C6:  =ROUNDUP(1400/120,0)
```

இதை நான் கண்டுபிடித்தது ஒரு சரிபார்ப்பு நிரலால். NETWORKDAYS.INTL என்ற சூத்திரம் தலைகீழாக வேலை செய்யும். தொடக்கமும் முடிவும் கொடுத்தால் நடுவில் உள்ள வேலைநாட்களை எண்ணும், இரண்டு நுனிகளையும் சேர்த்தே எண்ணும். அந்தந்தக் குழுவின் வாரத்தையும் விடுமுறைகளையும் கொடுத்து, அதிலிருந்து திட்டமிட்ட நாட்களைக் கழித்தால், நனைப்பைத் தவிர ஒவ்வொரு வரிசையிலும் பூச்சியம் வர வேண்டும்:

```
=NETWORKDAYS.INTL(B6,D6,"0000100",$H$2:$H$10)-C6
```

ஆறாம் வரிசையில் மட்டும் -0.67 என்று வந்தது. ஆனால் இந்த நிரலையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். டொலர் குறியை இங்கேயும் மறந்திருந்தால் இரண்டு சூத்திரங்களும் ஒரே பிழையான வரம்பைப் பார்த்து, பூச்சு வேலைக்கும் பூச்சியம் காட்டியிருக்கும். அதைப் பிடித்தது பெருநாள் எப்போது என்று தெரிந்த மனிதர்தான்.

திகதியைத் தட்டும் முறையைப் பற்றியும் ஒரு சொல். அண்ணனின் கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தது. தேர்தல் நாளை 6/5/2025 என்று தட்டினால் அது ஜூன் 5 ஆகிவிடும். வெசாக்கை 12/5/2025 என்று தட்டினால் டிசம்பர் 5. 13/4/2025 என்றால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் திகதியாகவே மாறாமல் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். 2025-05-06 என்று ஆண்டிலிருந்து தட்டினால் இந்தக் குழப்பம் இல்லை.

திருத்திய அட்டவணை

| வேலை | குழு | நாள் | தொடக்கம் | முடிவு |
|---|---|---|---|---|
| அத்திவாரம் | மேசன் | 8 | திங்கள், ஏப்ரல் 7 | சனி, ஏப்ரல் 19 |
| கம்பி, பலகை அடித்தல் | தச்சர் | 4 | திங்கள், ஏப்ரல் 21 | வியாழன், ஏப்ரல் 24 |
| கொங்கிரீட் வார்த்தல் | மேசன் | 1 | சனி, ஏப்ரல் 26 | சனி, ஏப்ரல் 26 |
| நனைத்து வைத்தல் | நாட்காட்டி | 7 | ஞாயிறு, ஏப்ரல் 27 | சனி, மே 3 |
| சுவர் | மேசன் | 12 | ஞாயிறு, மே 4 | திங்கள், மே 19 |
| கூரை மரம் | தச்சர் | 6 | செவ்வாய், மே 20 | திங்கள், மே 26 |
| கூரைத் தகடு | தச்சர் | 3 | செவ்வாய், மே 27 | வியாழன், மே 29 |
| பூச்சு | மேசன் | 10 | சனி, மே 31 | ஞாயிறு, ஜூன் 15 |
| பெயின்ட் | பெயின்ட் ஆட்கள் | 5 | திங்கள், ஜூன் 16 | வெள்ளி, ஜூன் 20 |

ஜூலை 11 போய் ஜூன் 20 வந்தது, மூன்று கிழமை வித்தியாசம். இதில் வேலையின் அளவோ ஆட்களின் வேகமோ துளியும் மாறவில்லை. அண்ணன் உடனே 20-ஆம் திகதியை ஒப்பந்தத்தில் எழுதப் புறப்பட்டார். நான் தடுத்தேன். இந்தச் சூத்திரத்துக்கு மழை தெரியாது, மணல் லொறி தெரியாது, காய்ச்சல் தெரியாது. எல்லாம் நேராகப் போனால் மிக முந்திய திகதி எது என்பதைத்தான் அது சொல்கிறது. ஜூன் 30 என்று எழுதினார்.

மரத்தை எப்போது சொல்லி வைப்பது என்பதையும் இதே தாளிலிருந்து எடுத்தோம். மரக்காலைக்காரர் தமக்குப் பத்து வேலைநாள் வேண்டும் என்றார், ஞாயிறு பூட்டு, மற்ற விடுமுறைகளும் தச்சருடையவையே. நாட்களை எதிர்மறையாகக் கொடுத்தால் சூத்திரம் பின்னோக்கி நடக்கும்:

```
=WORKDAY.INTL(B7,-10,"0000001",$I$2:$I$8)
```

மே 20-இலிருந்து பின்னே எண்ணி மே 7 புதன்கிழமையைத் தந்தது. மகனின் தாளில் தச்சர் வருவது ஜூன் 4 என்று இருந்தது. அதை நம்பி மரம் சொல்லியிருந்தால் சுவர் எழும்பிய பிறகு இரண்டு கிழமை கூரை இல்லாமல் நின்றிருக்கும்.

மணல் வராத இரண்டு நாள்

வேலை தொடங்கிய பின் இ நிரலில் உண்மையாக முடிந்த நாளை எழுதிக்கொண்டு வந்தோம். அடுத்த வேலையின் தொடக்கம், உண்மைத் திகதி இருந்தால் அதையும், இல்லையென்றால் திட்டத் திகதியையும் எடுக்கும்:

```
B7:  =WORKDAY.INTL(IF(E6="",D6,E6),1,"0000001",$I$2:$I$8)
```

சுவர் வேலையின்போது மணல் இரண்டு நாள் வரவில்லை. மே 19-க்குப் பதில் மே 21 முடிந்தது. இ6-இல் அதை எழுதியதும், இரண்டு நாள் பிந்தி ஜூன் 22 வரும் என்று அண்ணன் எதிர்பார்த்தார். வந்தது ஜூன் 21. “ஒரு நாள் எங்கே போனது?” என்று கேட்டார்.

அது வெள்ளிக்கிழமைக்குள் போய்விட்டது. பழைய திட்டத்தில் கூரைத் தகடு மே 29 வியாழன் முடிந்து, மறுநாள் வெள்ளி சும்மா கிடந்து, சனிக்கிழமை மேசன்மார் வருவதாக இருந்தது. புதிய கணக்கில் கூரை மரம் 28-இலும் தகடு 31 சனியிலும் முடிகின்றன. அந்த வெள்ளியன்று தச்சர்கள் கூரையில் நிற்கிறார்கள். மறுநாள் ஞாயிறு, மேசன்மாருக்கு வேலைநாள். கைமாறும் இடத்தில் வீணாகிய ஒரு நாளைப் பிந்திய வேலை தின்றுவிட்டது. இரண்டு குழுக்களுக்கும் ஒரே வாரம் இருந்திருந்தால் இந்த ஒதுக்கு இருந்திருக்காது. ஆனால் இதை நம்பிக் காலம் கடத்தவும் முடியாது. பிந்தியது வேறு கிழமையில் விழுந்திருந்தால் இரண்டு நாள் மூன்றாகவும் ஆகியிருக்கலாம். கட்டடம் ஜூன் 21 சனிக்கிழமை பின்னேரம் பெயின்ட் வாசனையோடு முடிந்தது.

அதே தாளை அண்ணன் அக்டோபரில் இன்னொரு சிறு வேலைக்கு எடுத்தார். திகதிகளை மட்டும் மாற்றினார். பெயின்ட் ஐந்து நாள், தொடக்கம் அக்டோபர் 16 வியாழன், முடிவு 21 செவ்வாய் என்று காட்டியது. பெயின்ட் அடிக்கிறவர்தான் சிரித்தார், “அண்ணன், 20-ஆம் திகதி தீபாவளி.” ஐ நிரல் மே மாதத்தோடு நின்றிருந்தது. பட்டியல் தீர்ந்துபோனால் சூத்திரம் எச்சரிப்பதில்லை, அதற்குப் பிறகு விடுமுறையே இல்லாத உலகம் என்று எடுத்துக்கொள்ளும். அக்டோபர் 20-ஐச் சேர்த்ததும் முடிவு 22 ஆனது. வரம்பையும் ஐ9 வரை நீட்ட வேண்டியிருந்தது, பட்டியலின் அடியில் தட்டிய நாள் `$I$8`-க்கு வெளியே நிற்கும். பிறகு பக்கத்து நிரலில் இதையும் போட்டுக் கொடுத்தேன்:

```
=IF(D10>MAX($I$2:$I$9),"விடுமுறைப் பட்டியல் முடிந்துவிட்டது","")
```

போட்ட கையோடு அது அந்த எச்சரிக்கையைக் காட்டியது, முடிவு நாள் 22, பட்டியலின் கடைசி நாள் 20. அண்ணன் நாட்காட்டியை எடுத்து நவம்பர், டிசம்பர் நாட்களைப் படிக்கத் தொடங்கினார், நான் தட்டினேன்.